‘பத்து’ கேட்டால் ‘பட்டு’ வருகிறதா? த, ட சிக்கலுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வீட்டுக்கு வந்த வெளிநாட்டு மருமகளாக இருக்கலாம், ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் ஒன்றில் சில மாதம் தங்க வந்தவராக இருக்கலாம், மலையில் ஏதாவது ஒரு பள்ளியில் பாடம் எடுக்க வந்தவராகவும் இருக்கலாம். எழுத்துகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். வினைமுற்று விகுதிகளைக்கூட மனப்பாடம் செய்துவிடுவார். ஆனால் த-வும் ட-வும் வரும் இடத்தில் பாடம் நின்றுவிடும். அவர் ‘பட்டு’ என்பார், நாம் ‘பத்து’ என்று திருத்துவோம், அவர் மறுபடி ‘பட்டு’ என்றே சொல்வார், நாம் இன்னும் சத்தமாக ‘பத்து’ என்போம்.

சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. அவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் நாக்கு பல்லில் பட்டுப் பிறக்கும் பல்லொலி, நாக்கு பின்னால் மடங்கிப் பிறக்கும் நாமடி ஒலி என்று இந்தியிலும் உள்ள இதே வேறுபாட்டை வைத்துக் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது போய்விட்டிருந்தது. உங்கள் எதிரில் இருப்பவர் அந்தக் காதோடுதான் வளர்ந்து வந்திருக்கிறார். அதனால் காதை நம்பாமல், நாக்கு எங்கே படுகிறது என்பதைப் பிடித்துத் திருத்த வேண்டும். காது பின்னாலேயே வந்து சேரும்.

முதலில் உங்கள் நாக்கையே கவனியுங்கள். ‘பத்து’ என்று சொல்லி நடுவில் நிறுத்துங்கள். நாக்கின் முன்பகுதி மேல்பல்லின் பின்புறத்தில் அகலமாகப் படிந்திருக்கும். ‘பன்னி’ என்று சொல்லி நிறுத்தினால் பல்லுக்குச் சற்று மேலே இருக்கும் ஈறு மேட்டில் நுனி நிற்கும். ‘பட்டு’ என்று சொல்லி நிறுத்தினால் நுனி அந்த மேட்டையும் தாண்டிப் பின்னால் மடங்கி, நாக்கின் அடிப்பக்கம் அண்ணத்தில் முட்டிக்கொண்டிருக்கும். பல், மேடு, அண்ணம் என்று மூன்று இடங்கள். ஆங்கிலத்தில் நம் ட, ன, ல போலக் கேட்கும் ஒலிகள் எல்லாமே நடுவில் உள்ள மேட்டில்தான் பிறக்கின்றன. வரும் பிழைகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம்.

அறிகுறி: ‘பத்து’ என்றால் ‘பட்டு’ என்று கேட்கிறது, ‘தாத்தா’, ‘டாட்டா’ ஆகிவிடுகிறது

நாக்கு மேட்டில் நிற்கிறது. பல்லுக்கு இறங்கவில்லை. நம் காதோ மேட்டில் பிறந்த ஒலியை ட பக்கம்தான் சேர்க்கும். ஆங்கில ‘டாக்டர்’, ‘டிக்கெட்’ எல்லாவற்றையும் நாம் ட போட்டு எழுதுவது அதனால்தான்.

“நாக்கைப் பல்லில் வையுங்கள்” என்று சொன்னால் மட்டும் போதாது. அவர் நுனியை மட்டும் கூர்மையாகப் பல்லில் குத்துவார். பேச்சு வேகம் பிடித்ததும் அது மேட்டுக்கு வழுக்கிவிடும். தகரமும் நகரமும் பிறப்பதைச் சொல்லும்போது தொல்காப்பியம் ‘நாநுனி பரந்து’ என்கிறது. அந்தப் பரவல்தான் இங்கே தேவை. நுனி கீழ்ப்பல்லை ஒட்டித் தளர்ந்து கிடந்தாலும் பரவாயில்லை. நுனிக்குச் சற்றுப் பின்னால் உள்ள தட்டையான பகுதி மேல்பல்லை முழுக்க அடைத்தால் சரி.

அவர் வாய்க்கு ஏற்கனவே பழக்கமான ஓர் இடத்திலிருந்து தொடங்கலாம். பத்தாவது என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டென்த்’ என்பார்கள். அதில் அடுத்து வரும் த்-க்காக ன் தானாகவே பல்லுக்கு இறங்கிவிடும். எட்டாவது என்பதற்கான ‘எய்ட்த்’ என்ற சொல்லில் ட்-டும் அப்படியே இறங்கும். ஆக, ஆங்கிலம் பேசும் ஒவ்வொருவரும் நம் ந-வையும் த-வையும் தெரியாமலேயே தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ‘டென்த்’ என்று மெதுவாகச் சொல்லச் சொல்லி, ன்-னில் நிறுத்தி, நாக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். “பல்லில்” என்பார், கொஞ்சம் ஆச்சரியமாகவே. அங்கிருந்து நாக்கை எடுக்காமல் ‘ந்த’, ‘ந்து’, அப்புறம் ‘பந்து’, ‘வந்து’, ‘ஐந்து’ என்று போங்கள். மெல்லெழுத்து முன்னால் இருக்கும்போது நாக்கு இடம் தவறாது. அது நிலைத்த பிறகு ‘பத்து’, ‘கத்து’, கடைசியில்தான் ‘தாத்தா’. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்து ‘தா’-விலேயே தொடங்கிவிடுகிறோம். சொல்லின் முதலில் நாக்கு சும்மா இருக்கும் நிலையிலிருந்து நேராகப் பல்லுக்குப் போக வேண்டியிருப்பதால் அதுதான் மிகக் கடினம்.

சரியாகிவிட்டதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ‘பத்து’ சொல்லும்போது மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் நாக்கின் விளிம்பு லேசாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கேட்க நன்றாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அறிகுறி: த-வில் காற்று ஒழுகுகிறது

மேலே சொன்னதைச் செய்தவர்களுக்கு அடுத்ததாக இதுதான் வரும். பல் என்றதும் அவர்கள் ‘தேங்க்ஸ்’ என்பதன் முதல் ஒலிக்குப் போய்விடுவார்கள். நாம் அதைத் த போட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் அது அடைப்பொலி இல்லை. பல்லுக்கும் நாக்குக்கும் நடுவே காற்று உரசிக்கொண்டே வெளியேறும். அதனால் ‘பத்து’ என்பது ‘பஸ்ஸு’ என்பது போலக் கேட்கும்.

சோதனை எளிது. ‘பத்’ என்று சொல்லி இரண்டு விநாடி அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். த் சரியாக இருந்தால் முழு அமைதி. உஸ் என்று ஏதாவது கேட்டால் ஓட்டை இருக்கிறது. “நாக்கை இன்னும் அழுத்துங்கள், அகலமாக” என்றால் பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

ஆனால் ‘அது’, ‘இது’, ‘காது’, ‘விதை’ போன்ற சொற்களில் திருத்தப் போகாதீர்கள். இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றைத் த வரும்போது நாமே அதை இளக்கித்தான் பேசுகிறோம். ஆங்கில ‘திஸ்’, ‘தட்’ என்பவற்றின் முதல் ஒலி அங்கே கிட்டத்தட்டப் பொருந்திவிடும். ‘அது’ நன்றாக வருகிறவருக்கு ‘பத்து’ ஏன் வரவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். இரட்டிக்கும்போதும், மெல்லெழுத்துக்குப் பின்னும், சொல் முதலிலும் முழு அடைப்பு. மற்ற இடத்தில் இளக்கம். இதை அவரிடம் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், போதும்.

அறிகுறி: ‘பட்டு’, ‘வீட்டுக்கு’ எல்லாம் சரி, ஆனால் ‘அண்ணா’ ‘அன்னா’ ஆகிறது, ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாடங்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

த-வைச் சரிசெய்ததும் ட தானாகவே சரியாகிவிட்டது போலத் தோன்றும். ‘பட்டு’ என்கிறார், நமக்குப் பட்டு என்றே கேட்கிறது. உண்மையில் அவர் நாக்கு இன்னும் மேட்டில்தான் நிற்கிறது. அது பிடிபடாததற்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. மேட்டில் பிறக்கும் அடைப்பொலி ஒன்று பழந்தமிழில் இருந்தது, றகரம். ‘காற்று’, ‘வெற்றி’ என்பவற்றில் அதன் தடம் உண்டு. பேச்சில் ‘காற்று’ ‘காத்து’ ஆகிவிட்டது. எழுத்தைப் படிக்கும்போது ற்ற-வுக்குப் பின்னால் ஓர் அதிர்வையும் சேர்த்துவிடுகிறோம். ஆக, மேட்டில் வெறும் அடைப்பொலிக்கு இன்று தனி இடம் இல்லை. அங்கே யார் எதைச் சொன்னாலும் அதை ட கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். ன, ல இரண்டும் அப்படியில்லை. அவை அதே மேட்டில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ண-வுக்கும் ள-வுக்கும் பதிலாக மேட்டு ஒலி வந்தால் அது உடனே வேறு எழுத்தாகிவிடும். ‘மணம்’ ‘மனம்’ ஆகும், ‘பணி’ ‘பனி’ ஆகும். மலையில் ‘பனி’ தினமும் பேசப்படும் விஷயம் என்பதால், “நாளைக்குப் பணி இருக்கிறது” என்றவரிடம் “ஆமாங்க, குளிரும்” என்று பதில் வரும்.

எனவே ட-வை ட-வால் சோதிக்காதீர்கள். ‘அண்ணா’, ‘பள்ளி’ இரண்டையும் கேளுங்கள். அவை விழுந்தால் ட-வும் உள்ளே விழுந்துதான் இருக்கிறது.

இனி திருத்தம். நாமடி ஒலியின் அடையாளம் அதற்கு முன்னால் வரும் உயிரில்தான் பெரும்பகுதி இருக்கிறது. நாக்கு மடங்கத் தொடங்கியதும் அந்த உயிரின் நிறமே மாறுகிறது, கொஞ்சம் கம்மிப்போகிறது. விட்டு வெளியே வரும்போது நுனி முன்னோக்கி உதறிக்கொண்டு வருவதால், பின்னால் வரும் உயிரில் அவ்வளவு அடையாளம் மிஞ்சுவதில்லை. தமிழ்ச்சொல் எதுவும் ட, ண, ள, ழ என்று தொடங்குவதில்லை என்ற பழைய விதியை இதோடு சேர்த்துப் பாருங்கள். சொல்லின் முதலில் முன்னால் உயிர் இல்லை, வேறுபாடு கேட்கவும் இடமில்லை. இது இப்படியிருக்க, நாம் சுவரில் அட்டையை மாட்டி ‘ண, ணா, ணி, ணீ’ என்று ஒப்பிக்கவைக்கிறோம். அவருக்கு அது ‘ன, னா, னி, னீ’ என்பதிலிருந்து எந்த வகையிலும் வேறாகக் கேட்காது. உயிர்மெய் அட்டையை எழுத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கு வேண்டாம்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். வாயை நன்றாகத் திறந்து நீளமாக ‘ஆ’ என்று சொல்லச் சொல்லுங்கள். ஆ ஓடிக்கொண்டிருக்கும்போதே நாக்கின் நுனியைத் தூக்கி மெதுவாகப் பின்னால் மடக்க வேண்டும், எங்கும் தொடாமல். ஒரு கட்டத்தில் ‘ஆ’-வின் ஓசை மாறுவது இருவருக்கும் கேட்கும். அமெரிக்கர்களுக்கு அது ‘கார்’ என்பதை அவர்கள் சொல்லும்போது வரும் முடிவு போலவே இருக்கும், அதனால் பயமில்லாமல் பிடித்துக்கொள்வார்கள். அந்த மாறிய ஓசை நிலைத்த பிறகு நாக்கை மேலே தொடவிடுங்கள். மூக்கு வழியாகக் காற்று போனால் ‘ஆண்’. முழுக்க அடைத்தால் ‘ஆட்’. ஓரங்களில் விட்டால் ‘ஆள்’. ஒரே மடிப்பிலிருந்து மூன்றும் வருகின்றன என்று அவரே கண்டுகொள்ளும் இடம் இது.

சரிபார்க்கக் கண்ணாடியும் கைப்பேசி டார்ச்சும் போதும். வாயைத் திறந்தபடியே ‘ஆண்’ சொல்லி நிறுத்தினால் நாக்கின் அடிப்பக்கமும் அதில் ஓடும் நீலநரம்பும் தெரிய வேண்டும். நுனியின் முன்பக்கம் மட்டும் தெரிந்தால் அது ‘ஆன்’. இந்தி பேசுகிறவர்கள் ட சொல்லும்போது இவ்வளவு மடக்குவதில்லை. மேட்டுக்குச் சற்றுப் பின்னால் நுனியாலேயே தொட்டுவிடுவார்கள். தமிழின் மடிப்பு அதைவிட ஆழம். இந்தி கொஞ்சம் கற்றுவிட்டு வந்தவர்களுக்கு ட ஓரளவு வந்துவிட்டு, ண, ள வராமல் நிற்பதை இதனாலும் விளக்கலாம்.

பயிற்சிக்குச் சொல் தேட வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் பலகை. ‘கொண்டை’யில் ண்-ணும் டை-யும் ஒரே இடத்தில் பிறப்பதால், ஒருமுறை மடக்கிய நாக்கு இரண்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கும். ‘வளைவு’ ள-வுக்கு. அடிவாரத்திலிருந்து ஏறும்போது பலகை தெரியத் தெரியச் சொல்லிக்கொண்டே வரச் சொல்லுங்கள். வாந்தி வருகிறவர்களை மட்டும் விட்டுவிடுங்கள். அப்புறம் ‘கொண்டை’யிலிருந்து ட-வைக் கழற்றி ‘கண்ணு’, ‘அண்ணா’, ‘தண்ணி’ என்று போனால் மடிப்பு அப்படியே கூட வரும்.

பேச்சுவடிவத்தையே பயன்படுத்துங்கள். ‘கண்’ என்று ஒற்றில் முடிப்பதைவிடக் ‘கண்ணு’ எளிது. ஒலி இரட்டிப்பதால் நாக்கு மடங்கி நிற்க நேரம் கிடைக்கிறது.

அறிகுறி: ‘பாடு’ என்றால் ‘பாரு’, ‘ஓடு’ என்றால் ‘ஓரு’

இது அமெரிக்கர்களிடம் அதிகம். அவர்கள் தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது கவனியுங்கள், நடுவில் இருப்பது நமக்கு ர போலவே கேட்கும். இரண்டு உயிருக்கு நடுவே வரும் ட-வை அவர்கள் மேட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். நம் ர-வும் அதே இடத்தில் அதே தட்டு. ஆக, அவர்கள் ‘பாடு’ சொல்வதாக நினைத்துச் ‘சுத்தமான’ தமிழ் ‘பாரு’ சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கவனிக்காமல் விட்டால் ‘படி’ ‘பரி’ ஆகும், ‘வீடு’ ‘வீரு’ ஆகும். “மெதுவாகச் சொல்லுங்கள்” என்றால் சரியாகிவிடும், வேகம் வந்ததும் திரும்பிவிடும். எனவே வேகத்தைக் குறைப்பது தீர்வில்லை. நம் ஒற்றை ட-வும் ஒரு தட்டுத்தான், ஆனால் மடக்கிய நிலையில் தொடங்கி முன்னோக்கி உதறும் தட்டு. மேலே சொன்ன ‘ஆ’ உத்தியே இங்கேயும்: ‘பா’-வின் உயிரிலேயே நாக்கு மடங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ‘பா’ சுத்தமாக முடிந்துவிட்டு அப்புறம் நாக்கு கிளம்பினால் எப்படியும் ‘பாரு’தான் வரும். நல்லது என்னவென்றால், இதே ஆளிடம் ர-வைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. “உங்கள் ஊரில் தண்ணீருக்குச் சொல்லும் சொல்லின் நடுவில் இருப்பதுதான் எங்கள் ர” என்று சொன்னால் வேலை முடிந்தது.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்களுக்கு வேறு ஒன்று வரும். உயிருக்குப் பின்னும் மெய்க்கு முன்னும் வரும் ர்-ரை விழுங்கிவிடுவார்கள், ‘சேர்வராயன்’ ‘சேவராயன்’ ஆகிவிடும். அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அறிகுறி: ‘பால்’ என்றால் ‘பாள்’ என்று கேட்கிறது, ‘கிளியூர்’ ‘கிலியூர்’ ஆகிறது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் சொல்லின் இறுதியில் வரும் ல் வேறு மாதிரி. நுனி மேட்டைத் தொட்டாலும் நாக்கின் பின்பகுதி மேலே எழும்பிக் குரலைக் கனமாக்கிவிடும். சொல்லின் முதலில் வரும் ல அப்படியில்லை, நம்முடையது போல மெலிதாகவே இருக்கும். அதனால் ‘பால்’ என்று முடிக்கவிடாமல், பேச்சில் சொல்வது போலப் ‘பாலு’ என்று சொல்லவையுங்கள். அந்த உ வந்ததும் ல் முதலெழுத்து போல மெலிந்துவிடும். பழகியபின் உ-வைக் கழற்றலாம்.

கனத்த ல்-லைக் கேட்டு “ஆகா, ள வந்துவிட்டது” என்று சிலர் பாராட்டிவிடுவார்கள். கூடாது. அதில் நாக்கு மடங்கவில்லை. அதே ஆளை ‘கிளி’, ‘வளைவு’ என்று நடுவில் ள வரும் சொல்லைச் சொல்லச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: தனிச்சொல்லில் எல்லாம் சரி, கடைக்குப் போனால் எல்லாமே மடங்குகிறது

மடக்கக் கற்றபின் சிலர் எதற்கெடுத்தாலும் மடக்குவார்கள். ‘தண்ணி’ ‘டண்ணி’ ஆகும். பல்லும் அண்ணமும் ஒரே சொல்லில் வந்தால் நாக்கு முன்கூட்டியே பின்னால் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். இதற்குச் சேலத்தில் கடைசித் தேர்வு ஒன்று இருக்கிறது, தட்டுவடை செட். இரண்டு தட்டைகளுக்கு நடுவே சட்னியும் துருவிய கேரட், பீட்ரூட்டும் வைத்துத் தருவார்களே, அதேதான். சாயங்காலம் தள்ளுவண்டி முன்னால் நின்று நம் ஆள் இப்படிக் கேட்டார் என்று வைத்துக்கொள்வோம்: “அன்னா, ஒரு டடுவரை செட்.”

கடைக்காரர், “எத்தனைங்க சார்?” என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொடுத்துவிடுவார். அங்கே விற்பதே அதுதான் என்பதால் எப்படிச் சொன்னாலும் புரியும். கடையில் புரிந்துவிட்டது என்பதைத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டோடு ஓரமாக வந்து சொல்லைப் பிரித்துப் பாருங்கள்.

‘அன்னா’: மடிப்பு இல்லை. மூன்றாவது அறிகுறி, ‘கொண்டை’க்குத் திரும்ப வேண்டும்.

முதல் ‘ட’: பின்னால் ட வருவது தெரிந்து நாக்கு முன்பே மடங்கிவிட்டது. இதற்கு, சொல்லை ‘ஒரு’-விலிருந்து பிரித்து, ‘அந்தத் தட்டு’ என்று சொல்லவையுங்கள். ‘அந்த’வின் ந்த நாக்கைப் பல்லில் பிடித்துவைக்கும், அடுத்து வரும் த்-தும் அங்கேயே அடைபடும், அங்கிருந்துதான் ட்டு-வுக்குப் போயாக வேண்டும். கூடவே ஒரு மெல்லிய தாளை வாய்க்கு முன் பிடித்துப் பாருங்கள். த சொல்லும்போது தாள் படபடத்தால் ஆங்கில வழக்கப்படி மூச்சை ஊதுகிறார் என்று பொருள். ‘ஸ்டாப்’ என்று சொல்லும்போது அதே தாள் அசையாமல் இருப்பதை அவருக்குக் காட்டுங்கள். ஸ்-க்குப் பின்னால் ஆங்கிலத்திலும் மூச்சு வராது. அந்த ஊதாத நிலையை த-வுக்குக் கொண்டுவர வேண்டும்.

‘டு’: இரட்டிப்பு போய்விட்டது. ஆங்கிலத்தில் எழுத்தில் இரட்டித்து எழுதினாலும் ஒலியில் ஒன்றுதான். நமக்கோ ‘பாட்டு’, ‘பாடு’ வேறு வேறு. ‘தட்’ என்று அடைத்து, ஒரு நொடி சும்மா இருந்து, ‘டு’ என்று விடச் சொல்லுங்கள். அமைதியாக இருக்கும் அந்த இடைவெளிதான் ட்ட.

‘வரை’: நான்காவது அறிகுறி. வ-வின் அகரத்திலேயே நாக்கு மடங்க வேண்டும். வேண்டுமானால் ‘வட்டை’ என்று வேண்டுமென்றே இரட்டித்துச் சொல்லவைத்து, அதே மடிப்பில் அடைப்பை மட்டும் குறைத்து ‘வடை’க்கு வாருங்கள். இந்தப் பாதையில் ர நுழைய வழியில்லை.

‘செட்’: விட்டுவிடுங்கள். அது அவர் ஊர்ச்சொல், அவர் எப்படிச் சொன்னாலும் சரி.

இவ்வளவும் சேர்ந்த பின் முழுச்சொல்லைப் பின்னாலிருந்து கட்டுங்கள்: ‘வடை’, ‘டுவடை’, ‘ட்டுவடை’, ‘தட்டுவடை’. முன்னாலிருந்து கட்டினால் முதல் எழுத்தில் வந்த பிழை கடைசிவரை இழுத்துக்கொண்டு போகும்.

தேர்ச்சி பெற்றுவிட்டாரா என்று பார்க்க, பட்டியலைப் பார்க்காத ஒருவர் வேண்டும். பத்து, பட்டு, பாடு, பாரு, மனம், மணம், பல்லி, பள்ளி என்ற எட்டையும் கற்பவர் தன் இஷ்டப்படி கலைத்துப் படிக்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது காதில் விழுந்ததை எழுதட்டும். நீங்கள் எழுதக் கூடாது. அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு உங்கள் காது அவருக்குச் சலுகை கொடுக்கப் பழகியிருக்கும். பிள்ளை எழுதியதில் எந்த ஜோடி குழம்பியிருக்கிறதோ அந்த அறிகுறிக்கு மட்டும் திரும்பிப் போனால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

ந-வையும் ன-வையும் ஒலியில் பிரிக்கச் சொல்லி அவரை வதைக்காதீர்கள். நம்மில் பெரும்பாலோர் பேச்சில் அதைச் செய்வதில்லை, எழுத்தில் மட்டும் பார்த்துக்கொண்டால் சரி. ழ-வும் அப்படித்தான். பழக்கடையில் ‘மாம்பளம்’ என்று கேட்கிறவர்கள் நம்மவர்களிலேயே ஏராளம். ஆனால் அமெரிக்கராக இருந்தால் ழ-வைக் கேட்டுப் பாருங்கள். ‘கார்’ என்பதன் அந்த முடிவில் உதட்டைக் குவிக்காமல் சொன்னால், நம் பக்கத்துப் பிள்ளைகளைவிடத் திருத்தமாகவே வரும்.